இழுவையா, வளைவா, வெயிலா? ஒரே பட்டையில் மூன்றையும் பிரித்தறியும் சுற்று

ஒரு கனமான தொட்டியை மேலேயிருந்து எஃகுப் பட்டைகள் தாங்கி நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒரு பட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதன் அகலம் 40 மி.மீ., தடிமன் 10 மி.மீ. அந்தப் பட்டைக்கு வந்து சேரும் சுமை 8,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 800 கிலோ எடை. பட்டையின் முன்முகத்தில் ஒரு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கிறது. பின்முகத்தில் அதற்கு நேர் எதிரே இன்னொன்று. முன்முகக் கேஜ் காட்டுவதை வைத்துக் கணக்குப் போட்டால் பட்டையில் 12,800 நியூட்டன் தொங்குவதாக விடை வருகிறது. பின்முகக் கேஜை நம்பினால் 3,200 நியூட்டன்தான்.

இரண்டு கேஜ்களும் பழுதில்லாதவை. ஒட்டியதிலும் குறையில்லை. இரண்டுமே தாம் ஒட்டியிருக்கும் இடத்தில் உலோகம் எவ்வளவு நீண்டது என்பதை உள்ளபடி சொல்கின்றன. ஏன் நீண்டது என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியாது. சுமை இழுத்து நீண்டதா, பட்டை வளைந்து நீண்டதா, வெயிலில் சூடேறி நீண்டதா என்று காரணம் பிரித்துச் சொல்வது கேஜின் வேலை அல்ல. அந்த வேலையைச் செய்வது கேஜ்களை மின்சுற்றில் எந்த இடத்தில் அமர்த்துகிறோம் என்ற முடிவு.

உலோகம் நீளும் அளவு

ஸ்ட்ரெயின் கேஜ் என்பது மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் பதித்த உலோகத் தகட்டிழை. இழை மடிந்து மடிந்து ஒரே திசையில் ஓடும். அதைப் பட்டையோடு இறுக ஒட்டிவிட்டால் பட்டை நீளும்போது இழையும் நீளும். நீண்ட இழையின் மின்தடை கூடும், சுருங்கினால் குறையும். கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறுவதை 1856-இலேயே கெல்வின் பிரபு கண்டறிந்துவிட்டார். ஆனால் அதைப் பொருளின் மேல் ஒட்டி அளக்கும் கருவியாக்கியவர்கள் அமெரிக்காவின் இருவேறு கோடிகளில் இருந்தார்கள். கால்டெக்கில் எட்வர்ட் சிம்மன்ஸும், எம்.ஐ.டி.யில் ஆர்தர் ரூஜும் 1938-ஆம் ஆண்டையொட்டி தனித்தனியே இந்தக் கருவிக்கு வந்து சேர்ந்தார்கள். ரூஜ் அப்போது உயர்ந்த தண்ணீர்த் தொட்டிகளை நிலநடுக்கம் எப்படிப் பாதிக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நம் பட்டைக்கு வருவோம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 400 சதுர மி.மீ. 8,000 நியூட்டனை அந்தப் பரப்பால் வகுத்தால் ஒவ்வொரு சதுர மி.மீட்டருக்கும் 20 நியூட்டன் வருகிறது. எஃகின் விறைப்புக்கு இந்தத் தகைவு உண்டாக்கும் நீட்சி, நீளத்தில் பத்து லட்சத்தில் 100 பங்கு. ஒரு மீட்டர் நீளப் பட்டை 0.1 மி.மீ. நீளும், அவ்வளவுதான். பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சியை மைக்ரோ திரிபு என்பார்கள். ஆக, சுமை நேராக இழுத்தால் இரண்டு முகங்களிலும் 100 மைக்ரோ திரிபு இருக்க வேண்டும்.

ஆனால் சுமை நேராக இழுப்பது அரிது. பட்டையைத் தாங்கும் ஊசிகள் மேலும் கீழும் தடிமனின் நட்டநடுவில் அமராமல், முன்முகத்தை நோக்கி வெறும் 1 மி.மீ. விலகி அமர்ந்துவிட்டன என்று கொள்வோம். அந்த 1 மி.மீ. விலகல் 8,000 நியூட்டன் மி.மீ. அளவுக்கு வளைவுத் திருப்பத்தை உண்டாக்கும். 10 மி.மீ. தடிமன் பட்டையில் அதனால் முன்முகம் 60 மைக்ரோ திரிபு கூடுதலாக நீளும், பின்முகம் அதே அளவு சுருங்கும். முன்முகத்தில் 100-உம் 60-உம் சேர்ந்து 160. பின்முகத்தில் 100-இலிருந்து 60 போய் 40. ஒரு மில்லிமீட்டர் விலகலால் ஒரு கேஜின் விடை 60 சதவீதம் பிழையாகிறது. ஒரே ஒரு கேஜை ஒட்டி இழுவிசையைக் கணக்கிடுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

கூட்டவும் கழிக்கவும் தெரிந்த சுற்று

கேஜின் மின்தடை பெரும்பாலும் 120 ஓம் அல்லது 350 ஓம். 100 மைக்ரோ திரிபுக்கு 120 ஓம் கேஜின் மின்தடை மாறுவது ஏறத்தாழ 0.024 ஓம். இவ்வளவு சிறிய மாற்றத்தை நேரடியாக அளப்பது கடினம். அதனால்தான் பள்ளி இயற்பியல் பாடத்தில் வரும் வீட்ஸ்டோன் சமனச்சுற்று இங்கே வந்து நிற்கிறது. நான்கு மின்தடைகளைச் சதுரத்தின் நான்கு பக்கங்களாக இணைத்து, எதிரெதிரான இரண்டு மூலைகளில் மின்னழுத்தம் கொடுத்து, மற்ற இரண்டு மூலைகளுக்கு இடையே வரும் மின்னழுத்தத்தை அளக்கிறோம். நான்கும் சமமாக இருந்தால் வெளியீடு பூஜ்யம். ஒன்று கொஞ்சம் மாறினாலும் அந்த மாற்றம் மட்டும் வெளியே தெரியும். தராசின் முள் இரண்டு தட்டுகளின் மொத்த எடையைக் காட்டுவதில்லை, வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. இந்தச் சுற்றும் அப்படித்தான்.

இந்தச் சுற்றில் நமக்குத் தேவையான விதி ஒன்றே ஒன்று. சதுரத்தின் பக்கங்களை வரிசையாக 1, 2, 3, 4 என்று எண்ணிடுவோம். அடுத்தடுத்த பக்கங்களில் உள்ள கேஜ்களின் திரிபுகள் ஒன்றிலிருந்து ஒன்று கழியும். எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளவை ஒன்றோடு ஒன்று கூடும். அதாவது சுற்று வெளியே காட்டுவது 1-ஆம் பக்கத்துத் திரிபு, கழித்தல் 2, கூட்டல் 3, கழித்தல் 4. கணினியோ கணக்கோ தலையிடுவதற்கு முன்பே, கம்பிகளுக்குள்ளேயே இந்தக் கூட்டலும் கழித்தலும் முடிந்துவிடுகின்றன. இனி வரும் எல்லா அமைப்புகளும் இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவைதான்.

வளைவை மட்டும் வேண்டினால்

முன்முகக் கேஜை 1-ஆம் பக்கத்திலும் பின்முகக் கேஜை 2-ஆம் பக்கத்திலும் வைத்து, மற்ற இரண்டு பக்கங்களில் மாறாத மின்தடைகளை வையுங்கள். இது அரைச்சுற்று. 160-இலிருந்து 40 கழிந்து 120 கிடைக்கும். அது வளைவுத் திரிபான 60-இன் சரியாக இரண்டு மடங்கு. நேர் இழுவையின் 100 இரண்டு கேஜ்களிலும் ஒரே குறியோடு இருந்ததால் கழித்தலில் காணாமல் போய்விட்டது. தொட்டியில் இன்னும் எவ்வளவு எடை ஏறினாலும், அது நேராக இழுக்கும் வரை, இந்தச் சுற்று அசையாது.

வெப்பநிலைக்கும் இதே கதிதான். பட்டை முழுவதும் ஒரே சீராகச் சூடேறினால் இரண்டு கேஜ்களிலும் ஒரே அளவு மாற்றம் வரும். அடுத்தடுத்த பக்கங்களில் இருப்பதால் அதுவும் கழிந்துவிடும். முன்முகத்தில் இரண்டு, பின்முகத்தில் இரண்டு என நான்கு கேஜ்களை ஒட்டி, முன்முகத்தவற்றை 1, 3 பக்கங்களிலும் பின்முகத்தவற்றை 2, 4 பக்கங்களிலும் வைத்தால் விடை 240 ஆகும். வளைவைப் போல நான்கு மடங்கு. மேசைத் தராசுகளுக்குள் இருக்கும் வளைவு வகை லோடு செல்களில் இந்த நான்கு கேஜ் அமைப்பைக் காணலாம்.

இழுவையை மட்டும் வேண்டினால்: ஒரு கண்ணி

இப்போது தலைகீழான கேள்வி. வளைவு வேண்டாம், இழுவிசை மட்டும் வேண்டும். விதி தெரிந்தவர்களுக்கு விடை உடனே தோன்றும். முன்முகக் கேஜை 1-ஆம் பக்கத்திலும் பின்முகக் கேஜை 3-ஆம் பக்கத்திலும் எதிரெதிரே வைத்தால் 160-உம் 40-உம் கூடி 200 வரும். அது நேர் இழுவையின் இரண்டு மடங்கு. ஒன்றில் கூடிய 60-உம் மற்றொன்றில் குறைந்த 60-உம் ஒன்றையொன்று அழித்துவிட்டன. ஊசி 1 மி.மீ. விலகினால் என்ன, 3 மி.மீ. விலகினால் என்ன, விடை மாறாது.

வளைவைப் பொறுத்தவரை இது சரியான தீர்வு. ஆனால் எதிரெதிர்ப் பக்கங்கள் இழுவையைக் கூட்டுவதைப் போலவே வெப்பத்தின் விளைவையும் கூட்டும். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 12 மைக்ரோ திரிபு விரியும். அதோடு கேஜின் இழையும் விரியும், இழையின் மின்தடையும் சூட்டில் மாறும். இவை மூன்றும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி, குறிப்பிட்ட உலோகத்துக்கென்றே இழையின் உலோகக் கலவையைப் பக்குவப்படுத்தி கேஜ்களைத் தயாரிக்கிறார்கள். எஃகுக்கு ஒரு வகை, அலுமினியத்துக்கு ஒரு வகை. வகை மாறிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அலுமினியம் டிகிரிக்கு ஏறத்தாழ 23 மைக்ரோ திரிபு விரியும். அதற்கான கேஜை எஃகில் ஒட்டினால், ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் இல்லாத 11 மைக்ரோ திரிபுச் சுருக்கத்தை அது காட்டும். காலையிலிருந்து நண்பகலுக்குள் பட்டை 10 டிகிரி சூடேறினால் ஒவ்வொரு கேஜிலும் 110 சுருக்கம். எதிரெதிரே வைத்த இரண்டிலும் சேர்த்து 220. உண்மையான இழுவை காட்டியது 200. மிச்சம் 20 சுருக்கம். 800 கிலோவைத் தாங்கித் தொங்கும் பட்டை, ஏதோ கீழேயிருந்து அழுத்தப்படுவதாக நண்பகலில் கருவி சொல்லும்.

எஃகுக்கான கேஜையே தேர்ந்தெடுத்தால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும். ஆனால் மறையாது. மூன்று விளைவுகளின் ஈடு எல்லா வெப்பநிலைகளிலும் ஒரே சீராக இருப்பதில்லை. அறை வெப்பநிலையை விட்டு விலக விலக மிச்சப் பிழை வளரும்.

குறுக்கே ஒட்டும் கேஜ்

கண்ணியிலிருந்து விடுபட, காலியாக இருக்கும் 2, 4 பக்கங்களில் வேறு இரண்டு கேஜ்களை அமர்த்த வேண்டும். அவை அதே சூட்டை உணர வேண்டும், ஆனால் அதே இழுவையை உணரக் கூடாது. இழுக்கப்படும் பட்டை நீளவாட்டில் நீளும்போது அகலவாட்டில் சிறிது ஒடுங்கும். எஃகில் இந்த ஒடுக்கம் நீட்சியில் ஏறத்தாழ 0.3 பங்கு. இதற்குப் பாய்ஸான் விகிதம் என்று பெயர். ஆகவே முன்முகத்தில் நீளவாட்டுக் கேஜுக்குப் பக்கத்திலேயே அகலவாட்டில் ஒரு கேஜ், பின்முகத்திலும் அதேபோல ஒன்று. முன்முகத்து இரண்டும் 1, 2 பக்கங்களிலும், பின்முகத்து இரண்டும் 3, 4 பக்கங்களிலும் அமர்கின்றன.

நம் எண்களை இதில் இட்டுப் பார்ப்போம். முன்முக நீளவாட்டுக் கேஜ் 160. அதன் குறுக்குக் கேஜ் 48 சுருக்கம். பின்முக நீளவாட்டுக் கேஜ் 40. அதன் குறுக்குக் கேஜ் 12 சுருக்கம். சுருக்கத்தைக் கழித்தால் அது கூடும் என்பதால், 160-உம் 48-உம் 40-உம் 12-உம் சேர்ந்து 260 வருகிறது. அது நேர் இழுவையான 100-ஐப் போல 2.6 மடங்கு. வளைவின் சுவடே இல்லை. இப்போது நான்கு கேஜ்களிலும் அந்த 110 வெப்பப் பிழையைச் சேருங்கள். இரண்டு இடங்களில் கூடி, இரண்டு இடங்களில் கழிந்து, விடை மீண்டும் 260 தான். வெப்பம் போயிற்று, வளைவு போயிற்று, வேண்டிய இழுவை மட்டும், பெருகியும் நிற்கிறது. சுற்றுக்கு 5 வோல்ட் கொடுத்தால் வெளியே வருவது ஏறத்தாழ 0.65 மில்லிவோல்ட். கண்ணுக்கு மிகச் சிறியதுதான், ஆனால் இன்றைய பெருக்கிகளுக்கு அது தாராளம். தூண் வடிவ லோடு செல்களின் அடிப்படை அமைப்பும் இதுதான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழலாம். வெப்பத்தால் உண்மையாகவே விசை உண்டானால் அதையும் இந்தச் சுற்று மறைத்துவிடுமா? மறைக்காது. இரு முனைகளும் அசையாமல் இறுகப் பிடிக்கப்பட்ட பட்டை 10 டிகிரி சூடேறுகிறது என்று கொள்வோம். நீளவாட்டில் அதனால் விரிய முடியாது. அகலவாட்டில் தடையில்லை, அங்கே வெப்பத்தாலும் விரியும், முனைகளின் அழுத்தத்தாலும் விரியும். ஆகவே நீளவாட்டுக் கேஜும் குறுக்குக் கேஜும் இப்போது ஒன்றுபோல் இல்லை. அந்த வேறுபாட்டைச் சுற்று காட்டும். கணக்குப்படி அது 120 மைக்ரோ திரிபுக்கான அழுத்தம், நம் பட்டையில் 9,600 நியூட்டன். தொட்டியின் சுமையைவிடப் பெரிய விசை இது. தடையில்லாத விரிவை மட்டும் நீக்கி, தடுக்கப்பட்ட விரிவால் வந்த விசையை விட்டுவைப்பதுதான் இந்த அமைப்பின் சிறப்பு. பாலத்திலோ குழாய்த் தாங்கியிலோ அளப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி.

இந்த அமைப்பும் தடுமாறும் இடங்கள்

வெப்பம் கழிய வேண்டுமானால் நான்கு கேஜ்களும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். திறந்தவெளியில் முன்முகத்தில் வெயில், பின்முகத்தில் நிழல் என்றால் இரண்டு முகங்களின் சூடும் வேறாகும். வளைவு அளக்கும் சுற்றில் முன்முகம் 1-இலும் பின்முகம் 2-இலும் இருப்பதால் இந்த வேறுபாடு முழுதாக வெளியே வரும். பட்டையும் அந்தச் சூட்டு வேறுபாட்டால் சற்று உண்மையாகவே வளைய முயலும், இரண்டையும் பிரிப்பது கடினம். இழுவை அளக்கும் நான்கு கேஜ் சுற்றில் ஒரு நற்பயன் உண்டு. ஒரே முகத்து இரண்டு கேஜ்களும் அடுத்தடுத்த பக்கங்களில் இருப்பதால், முகத்துக்கு முகம் சூடு மாறினாலும் பெரும்பாலும் கழிந்துவிடும். அதற்காகவே நீளவாட்டுக் கேஜும் குறுக்குக் கேஜும் நெருங்கி ஒட்டப்பட வேண்டும். இரண்டும் ஒரே படலத்தில் அச்சாகி வரும் கேஜ்களை வாங்குவது நல்லது.

அடுத்தது ஒட்டும் இடம். இதுவரை நாம் பேசியது தடிமன் திசையில் நிகழும் வளைவு. பட்டை அகலத் திசையிலும் வளையலாம். கேஜ்கள் அகலத்தின் நட்டநடுவில் இருந்தால் அந்த வளைவு அவற்றைத் தொடாது, ஏனெனில் அந்த நடுக்கோட்டில் நீட்சியும் இல்லை சுருக்கமும் இல்லை. இரண்டு முகத்துக் கேஜ்களும் ஒரே ஓரத்தை நோக்கி விலகி ஒட்டப்பட்டால், அகல வளைவு இரண்டிலும் ஒரே குறியோடு வந்து இழுவைபோல் வேடமிடும். சுமை அகலத் திசையில் 1 மி.மீ. விலகி, கேஜ்கள் நடுக்கோட்டிலிருந்து 2 மி.மீ. விலகியிருந்தால் பிழை ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். ஒட்டுவதற்கு முன் நடுக்கோட்டைக் கீறிக் குறிப்பதற்குச் செலவாகும் சில நிமிடங்கள் இந்தப் பிழையைத் தடுக்கும்.

மூன்றாவது, கேஜிலிருந்து கருவிக்குச் செல்லும் செம்புக் கம்பி. செம்பின் மின்தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். ஒரே கேஜை 5 மீட்டர் தொலைவிலிருந்து 0.5 சதுர மி.மீ. கம்பிகள் இரண்டால் இணைத்தால், கம்பி மட்டும் 10 டிகிரி சூடேறியதற்கே 50 மைக்ரோ திரிபுக்கு மேல் பொய்யாகத் தோன்றும். நம் மொத்த இழுவையே 100 தான். ஒற்றைக் கேஜுக்கு மூன்று கம்பி இணைப்பு இதைச் சரிசெய்யும். இரண்டு கம்பிகள் அடுத்தடுத்த பக்கங்களில் சேர்ந்துவிடுவதால் அவற்றின் மாற்றம் கழிந்துபோகும். நான்கு கேஜ் முழுச்சுற்றைப் பட்டையின் மேலேயே இணைத்து முடித்துவிட்டால் நீண்ட கம்பிகள் சுற்றின் பக்கங்களுக்குள் வருவதே இல்லை. பூஜ்யம் நகராது, அளவின் பெருக்கம் மட்டும் மிகச் சிறிது குறையும்.

இந்தச் சுற்றுகள் காப்பாற்றுவது பூஜ்யத்தைத்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சூடேறும்போது எஃகின் விறைப்பு மெல்லக் குறைகிறது, 100 டிகிரிக்கு ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம். அதே சுமைக்கு நீட்சி அந்த அளவு கூடும். இந்த மாற்றத்தைக் கேஜ்களின் இட மாற்றத்தால் நீக்க முடியாது. துல்லியமான லோடு செல்களில் இதற்கெனத் தனி மின்தடைகளைச் சேர்க்கிறார்கள்.

சரியாக இணைத்தோமா?

கம்பிகளை மாற்றி இணைத்துவிடுவது எளிதில் நேரும் தவறு. முன்முகமும் பின்முகமும் எதிரெதிரே இருப்பதற்குப் பதிலாக அடுத்தடுத்து அமர்ந்துவிட்டால், இழுவை அளக்க வேண்டிய சுற்று வளைவை அளக்கத் தொடங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். பட்டையை இரண்டு தாங்கிகளின் மேல் கிடையாக வைத்து நடுவில் கையால் அழுத்துங்கள். இழுவைச் சுற்று அசையாமல் இருக்க வேண்டும், வளைவுச் சுற்று தாவ வேண்டும். பிறகு பட்டையைத் தொங்கவிட்டுத் தெரிந்த எடையொன்றைக் கட்டுங்கள். இப்போது இழுவைச் சுற்று கணக்கிட்ட அளவைக் காட்ட வேண்டும். கடைசியாகச் சுமையில்லாமல் பட்டை முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்குங்கள். இரண்டு சுற்றுகளும் பூஜ்யத்துக்கு அருகிலேயே நிற்க வேண்டும். அழுத்தும்போது இழுவைச் சுற்று தாவினால் இணைப்பு தவறு. சிறிதாக நகர்ந்தால் கேஜ்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரே இல்லை. சூட்டில் நகர்ந்தால் கேஜ்களின் வகை கலந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று சரியாக ஒட்டவில்லை.

கருவியின் அளவைச் சோதிக்க இன்னொரு வழி உண்டு. 120 ஓம் கேஜுக்கு இணையாக 59,880 ஓம் மின்தடையைச் சிறிது நேரம் இணைத்தால், அந்தப் பக்கத்தின் மின்தடை சரியாக 1,000 மைக்ரோ திரிபுச் சுருக்கத்துக்கு நிகராகக் குறையும். இது கேஜ் காரணி 2 என்ற கணக்கில். கருவி 1,000 காட்டினால் கம்பியிலும் பெருக்கியிலும் குறையில்லை. ஆனால் இந்தச் சோதனை பசையைப் பற்றி எதுவும் சொல்லாது. பட்டையிலிருந்து பெயர்ந்து நிற்கும் கேஜும் இதில் தேறிவிடும். அதனால் இது எடை கட்டிப் பார்க்கும் சோதனைக்கு மாற்றல்ல.

இழுவை, வளைவு இரண்டுமே வேண்டுமென்றால் என்ன செய்வது? ஒரே சுற்றிலிருந்து இரண்டையும் பெற முடியாது, ஒன்றைக் காட்டுவதற்காகவே மற்றதை அது அழிக்கிறது. பட்டையின் ஒரே உயரத்தில் இரண்டு தனிச் சுற்றுகளை ஒட்டி, ஒன்றை இழுவைக்கும் மற்றதை வளைவுக்கும் இணைக்க வேண்டும். நம் பட்டையில் முதல் சுற்றின் 260-ஐ 2.6-ஆல் வகுத்தால் 100, இரண்டாவது சுற்றின் 240-ஐ நான்கால் வகுத்தால் 60. இரண்டையும் கூட்டினால் முன்முகத்தின் 160, கழித்தால் பின்முகத்தின் 40. பட்டை எங்கே முதலில் விரிசல் விடும் என்று கேட்டால் 160 என்ற எண்தான் பதில் சொல்லும். தொட்டியில் எவ்வளவு எடை இருக்கிறது என்று கேட்டால் 100-தான் பதில். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பசைக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒட்டிய பிறகு கேஜை இடம் மாற்ற முடியாது.